நாலா, ஒன்பதா? கையால் எழுதிய எண்ணைப் பார்த்து ஏற்றுபவர்களுக்கு

காகிதப் படிவங்களைப் பார்த்துக் கணினியில் என்ட்ரி போடும் வேலைக்குப் புதிதாக வருபவர்களை முதல் நாளே பெயர்கள்தான் பயமுறுத்தும். இன்ஷியல் முன்னாலா பின்னாலா, முத்துலெட்சுமியா முத்துலட்சுமியா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எண்களை மட்டும் கேட்கவே மாட்டார்கள். பெயரில் ஒரு எழுத்து தப்பினாலும் யாருடைய பெயர் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். எண்ணில் அப்படி இல்லை. 4 இருக்க வேண்டிய இடத்தில் 9 இருந்தால், அதுவும் பார்க்க ஒழுங்கான எண்ணாகத்தான் இருக்கும். தப்பு என்று அது சொல்லிக்கொள்ளாது.

நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு அம்மாவின் வங்கிக் கணக்கு எண்ணில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றி ஏற்றிவிட்டேன். பெரும்பாலும் அப்படி ஒரு கணக்கே இருக்காது, பணம் திரும்பி வந்துவிடும். அன்றைக்கு அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு இருந்தது, பணம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. திரும்ப வாங்க மூன்று மாதம் ஆனது. அந்த அம்மா வாரா வாரம் வந்து, திட்டாமல், பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். திட்டியிருந்தால் தேவலை.

இதற்கு வங்கியைக் குறை சொல்லவும் முடியாது. என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் முறைகளில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம், பெயரைப் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் ரிசர்வ் வங்கி 2010-லிருந்து சொல்லிவந்த விதி. எண் சரியா என்று பார்க்கும் பொறுப்பு அனுப்புகிறவருடையது. அனுப்புகிறவருக்கு அந்த எண்ணைக் கொடுப்பது நாம்.

எண் ஏன் வேறாகத் தெரிகிறது

பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட வடிவத்தில் யாரும் எண் எழுதுவதில்லை. கை போன போக்கில் எழுதுகிறோம். அந்தப் போக்கைப் புரிந்துகொண்டால், எந்த எண் எதுவாக மாறும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

4 எழுத இரண்டு இழுப்பு வேண்டும்: முதலில் சாய்ந்து இறங்கி வலப்பக்கம் திரும்பும் கோடு, பிறகு பேனாவைத் தூக்கிச் செங்குத்தாக ஒரு கோடு. அவசரத்தில் பேனாவைத் தூக்காமலே எழுதினால் தலை மூடிக்கொண்டு 9 போலாகும். 5-க்கும் பேனாவைத் தூக்க வேண்டும். வயிற்றை முதலில் எழுதிவிட்டுத் தொப்பியைக் கடைசியில் போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்தத் தொப்பி பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளிப் போய்விட்டால், மிச்சம் இருப்பது பாதி 6 மாதிரி ஒன்று. 0 எழுதத் தொடங்கும்போது பேனா மேலே கொஞ்சம் வால் விட்டால் அது 6. 3-இன் வாய் மூடிக்கொண்டால் 8. 1-இன் தலையில் கொடி நீளமாகப் பறந்தால் 7.

இவையெல்லாம் எழுதுகிற கையின் வேலை. காகிதமும் தன் பங்குக்கு ஏமாற்றும். சட்டைப் பையில் நான்காக மடித்துக் கொண்டுவந்த படிவத்தில், மடிப்புக் கோடு சரியாக ஒரு எண்ணின் இடுப்பில் ஓடும். ஜெராக்ஸ் எடுத்தால் அந்தக் கோடு மை போலவே கறுப்பாக விழும். அப்போது 0 பார்ப்பதற்கு 8 ஆகிறது, கொடி வைத்த 1 குறுக்குக்கோடு போட்ட 7 ஆகிறது. ஒரு எண்ணில் சந்தேகம் வந்தால் கண்ணைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, அந்தக் கோடு பக்கத்து எழுத்துகளிலும் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால் அது மடிப்பு. மூலப் படிவம் கையில் இருந்தால் விரலால் தடவினாலே தெரியும்.

கட்டம் போட்ட படிவங்களில் 1 காணாமல் போவது சகஜம். நேர்கோடாக எழுதிய 1, கட்டத்தின் ஓரக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். கட்டம் காலியாக இருப்பதாக நினைத்து அடுத்த எண்ணுக்குப் போய்விடுவோம்.

எண்ணே இல்லாத ஒன்றை எண்ணாகப் படிப்பது இன்னொரு வகை. தொகைக்குப் பின்னால் நாம் போடும் ‘/-’ இருக்கிறதே, 500/- என்று எழுதும்போது அந்தச் சாய்கோடு நிமிர்ந்து நின்றால் 5001 ஆகிவிடும். பிறந்த தேதியில் நாள், மாதம், வருடத்துக்கு இடையே போடும் கோடும் அப்படித்தான். 2010-இல் ரூபாய்க்கு ₹ குறி வந்தபிறகு இன்னொன்று சேர்ந்தது: அதை வேகமாக எழுதினால் குறுக்குக்கோடு போட்ட 7 போலவே இருக்கும். ₹500 என்று எழுதியவர் 7500 என்று எழுதியதாகப் படிவம் சாட்சி சொல்லும். தொகையை எழுத்தாலும் எழுதச் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. எண்ணாலான தொகையில் சந்தேகம் வந்தால் எழுத்தாலான தொகையைப் பாருங்கள், அதற்காகத்தான் அந்த வரி இருக்கிறது.

உட்காருவதற்கு முன்: எந்த எண் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்?

படிவத்தில் இருக்கும் எண்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆபத்தானவை இல்லை. சிலது தப்பாக ஏற்றினால் தானே கத்தும். சிலது வாயே திறக்காது. நேரத்தை எங்கே செலவிடுவது என்று தெரிந்துகொள்ள இதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஆதார் எண் கத்தும். அதன் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், முந்தைய பதினொன்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது. நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறை அது. ஒரு இலக்கம் மட்டும் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் அது கட்டாயம் பிடித்துவிடும். அதனால்தான் நல்ல மென்பொருளில் தப்பான ஆதார் எண்ணை அடித்தால் உடனே சிவப்பு விழுகிறது. முதல் இலக்கம் 0, 1 ஆக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனால் ஒன்று: எண் ஒழுங்கான எண்தானா என்பதைத்தான் அது சொல்லும், யாருடையது என்று சொல்லாது. மனைவியின் படிவத்தில் கணவரின் ஆதார் எண்ணை எழுதியிருந்தால் பச்சைதான் விழும்.

பின்கோடு பாதி கத்தும். தமிழ்நாட்டு முகவரி என்றால் முதல் இரண்டு இலக்கம் 60-லிருந்து 64-க்குள் இருக்க வேண்டும். பக்கத்திலேயே ஊர்ப் பெயரும் எழுதியிருக்கும், ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 எழுத்து: முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் சுழியம், மிச்சம் ஆறு கிளைக்கு உரியவை. ஐந்தாவது இடத்தில் வட்டமாக எதைப் பார்த்தாலும் அது 0, ஆங்கில ‘ஓ’ இல்லை. குறியீட்டை அடித்ததும் கிளையின் பெயர் திரையில் வரும்படி இருந்தால், அதைப் படிவத்தில் எழுதியிருக்கும் கிளையோடு ஒப்பிடுங்கள். பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதியிருந்தால் எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் குறியீடு செத்துப்போயிருக்கும். சிண்டிகேட் வங்கி 2020-இல் கனரா வங்கியோடு இணைந்தபிறகு, அதன் பழைய குறியீடுகள் 2021 ஜூலையிலிருந்து செல்லாது. ‘SYNB’ என்று தொடங்கும் அந்தப் பழைய குறியீடுகளை இன்றைக்கும் படிவங்களில் பார்க்கிறேன்.

வாயே திறக்காதவை இரண்டு: கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும். கைபேசி எண் பத்து இலக்கம், 6 முதல் 9-க்குள் ஒன்றில் தொடங்கும். அதற்குமேல் சரிபார்க்க அதில் ஒன்றும் இல்லை. கணக்கு எண்ணுக்கு எல்லா வங்கிக்கும் பொதுவான சரிபார்ப்பு இலக்கம் கிடையாது, பொதுவான நீளமும் கிடையாது. பாரத ஸ்டேட் வங்கியில் 11 இலக்கம், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் 15, பஞ்சாப் நேஷனல் வங்கியில் 16. நீங்கள் ஏற்றும் படிவங்களில் அடிக்கடி வரும் நான்கைந்து வங்கிகளின் நீளத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரையோரம் ஒட்டிக்கொள்ளுங்கள். ஓரக்கோட்டில் ஒளிந்த 1-ஐ இந்த நீளம்தான் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

எழுதியவர் கையைப் படிப்பது

ஒரு எண் 4-ஆ 9-ஆ என்று தெரியாதபோது புதியவர்கள் அந்த ஒரு எண்ணையே உற்றுப் பார்ப்பார்கள். கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். பெரிதாக்கினால் பெரிய சந்தேகம்தான் கிடைக்கும். பார்க்க வேண்டியது அந்த எண்ணை இல்லை, அதே கை அதே படிவத்தில் வேறெங்கே 4 எழுதியிருக்கிறது, 9 எழுதியிருக்கிறது என்பதை.

எந்த இடத்தில் எந்த எண் இருந்தாக வேண்டும் என்று நமக்கு வெளியிலிருந்து உறுதியாகத் தெரிகிறதோ, அந்த இடங்கள்தான் சாவி. பின்கோடு ஒன்று. பிறந்த தேதி இன்னொன்று, ஏனென்றால் இணைத்திருக்கும் ஆதார் நகலில் அது அச்சில் இருக்கிறது.

ஒரு படிவத்தை எடுத்துக்கொள்வோம். நத்தத்துக்காரர் ஒருவருடையது. பின்கோடு 624401. பிறந்த தேதி ஆதார் நகலில் 17-05-1983, படிவத்தில் அதையே கையால் எழுதியிருக்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: பின்கோட்டில் 6, 2, 4, 0, 1. தேதியில் 7, 5, 9, 8, 3. பத்து இலக்கமும் வந்துவிட்டது. இவர் கை ஒவ்வொரு எண்ணையும் எப்படி எழுதும் என்பதற்கு மாதிரி கையில் இருக்கிறது. எல்லாப் படிவத்திலும் இப்படிப் பத்தும் கிடைக்காது, ஆறேழு கிடைத்தாலே பெரிய உதவி.

சிக்கல் கணக்கு எண்ணில். பதினோரு இலக்கத்தில் முதல் ஏழு தெளிவு. எட்டாவது 4 மாதிரியும் இருக்கிறது, 9 மாதிரியும் இருக்கிறது. ஒன்பதாவது சந்தேகமில்லாமல் 9. பத்தாவது 1 அல்லது 7. கடைசி 1.

எட்டாவதை முதலில் எடுத்தேன். பின்கோட்டில் இவர் எழுதிய இரண்டு 4-ம் தலை மூடித்தான் இருக்கின்றன, அதனால் தலையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டிலும் படுக்கைக் கோடு, செங்குத்துக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் துளி நீட்டிக்கொண்டிருக்கிறது. 1983-இல் இருக்கும் 9-இல் அந்த நீட்டல் இல்லை, உருண்டையாக முடிந்து அப்படியே கீழே இறங்குகிறது. கணக்கு எண்ணின் எட்டாவது இலக்கத்தில் நீட்டல் இருக்கிறது. ஆகவே 4.

பத்தாவதுக்குத் தேதியின் ‘17’ அருமையான சாவி, 1-ம் 7-ம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இவருடைய 1-இன் கொடி இடப்பக்கமாகச் சரிந்து தொங்குகிறது. 7-இன் கூரை மட்டமாக இருக்கிறது. பத்தாவது இலக்கத்தில் கொடி சரிந்திருக்கிறது. ஆகவே 1. கடைசி நான்கு 4911 என்று பென்சிலில் குறித்துக்கொண்டேன்.

பென்சிலில்தான். இது நல்ல ஊகம், உறுதி இல்லை.

இந்தச் சாவிக்கு ஒரு வரம்பு உண்டு, அதை மறந்தால் சாவியே தப்பான பூட்டைத் திறக்கும். நம் ஊரில் ஒரு படிவத்தை ஒரே ஆள் நிரப்புவது பாதிதான். பெயரும் முகவரியும் மகள் எழுதியிருப்பாள். கணக்கு எண்ணை வங்கி வாசலில் பேனா வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் எழுதிக் கொடுத்திருப்பார். மகளின் 4-ஐ வைத்து அவருடைய 4-ஐ முடிவுசெய்ய முடியாது. அதனால் சாவியைப் பயன்படுத்துவதற்கு முன்னால் மையின் நிறத்தையும் பேனாவின் தடிமனையும் பாருங்கள். மை மாறியிருந்தால் கை மாறியிருக்கலாம். அப்போது அந்தக் கணக்கு எண்ணுக்குள்ளேயே சந்தேகமில்லாத இலக்கங்கள் ஏதாவது உதவுகின்றனவா என்றுதான் தேட வேண்டும்.

ஏற்றும்போது

எக்செலில் ஏற்றுவதாக இருந்தால், எண்ணை அடிப்பதற்கு முன்னாலேயே அந்தப் பத்தியை ‘Text’ வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் எக்செல் அதைக் கூட்டிக் கழிக்கும் எண்ணாக நினைத்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் சுழியம் மறைந்துவிடும். 12 இலக்க எண் `5.12346E+11` என்று விசித்திரமாகத் தெரியும். இதுகூடப் பரவாயில்லை, உள்ளே எண் பத்திரமாக இருக்கும். 15 இலக்கத்துக்கு மேல் போனால்தான் விபத்து: பதினாறாவது இலக்கத்தைச் சத்தமில்லாமல் 0 ஆக்கிவிடும். அதற்குப் பிறகு ‘Text’ என்று மாற்றினாலும் போனது போனதுதான். 16 இலக்கக் கணக்கு எண்கள் வரிசையாக எல்லாமே 0-வில் முடிகின்றன என்றால், எழுதியவர்கள் மேல் பழி போடாதீர்கள்.

எண் B பத்தியில் இருந்தால், நீளத்தைப் பார்க்க D பத்தியில் இதைப் போட்டுக்கொள்ளுங்கள்:

```
=LEN(B2)
```

சந்தேகமான இலக்கம் வந்தால் ஊகித்து அடித்துவிட்டு நகரக் கூடாது. தனியாக ஒரு பத்தி வைத்து, எத்தனையாவது இலக்கம், எதுவா எதுவா என்று எழுதுங்கள்: ‘8: 4/9, 10: 1/7’. படிவத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. இதை எழுத ஐந்து விநாடி ஆகும். எழுதாவிட்டால் மாலையில் எந்தப் படிவத்தில் சந்தேகப்பட்டோம் என்பதே நினைவிருக்காது. அதைவிட மோசம், கைக்கு ஒருமுறை 4 என்று அடித்துப் பழகிவிட்டால் அடுத்த தடவை கண்ணுக்கும் அது 4-ஆகவே தெரியும்.

சரிபார்த்தல் என்றால் என்ன

‘ரெண்டு தடவை பார்த்தேன் சார்’ என்று புதியவர்கள் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, பார்த்துத்தான் இருப்பார்கள். ஆனால் ஒரே கண் இரண்டு தடவை பார்ப்பது ஒரு தடவை பார்ப்பதுதான். முதல் பார்வையில் எந்தக் காரணத்தால் 9 தெரிந்ததோ அதே காரணத்தால் இரண்டாவது பார்வையிலும் 9 தெரியும். சரிபார்க்க வருவது வேறு வழியாக வர வேண்டும், வேறு விதமாகத் தப்பு செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கண் 4-ஐ 9 என்று குழப்பும். காது ஒருநாளும் ‘நாலு’ என்பதை ‘ஒம்பது’ என்று கேட்காது. காது குழம்புவது வேறு இடங்களில்.

முதல் வழி, இரண்டாவது ஆள். ஒருவர் ஏற்றியதை மற்றவர் பார்த்துத் ‘சரி’ போடுவது இல்லை. திரையில் இருப்பதைப் பார்த்தபடி காகிதத்தைப் பார்த்தால் காகிதம் திரையைப் போலவே தெரியும். இரண்டாவது ஆள் முதல் ஆளின் வேலையைப் பார்க்காமல், காகிதத்திலிருந்து தானாக, ‘Text’ ஆக்கிய C பத்தியில் அடிக்க வேண்டும். பிறகு:

```
=EXACT(B2,C2)
```

`FALSE` வந்த வரிகளை மட்டும் எடுத்து இருவரும் படிவத்தோடு உட்காருங்கள். எல்லா எண்ணுக்கும் இதைச் செய்ய நேரம் இருக்காது. கணக்கு எண்ணுக்கும் கைபேசி எண்ணுக்கும் மட்டும் செய்தால் போதும், கத்துகிறவை தாமாகக் கத்தும். கை வழுக்கி அடித்த தப்புகள், இடம் மாறிய இலக்கங்கள், விட்டுப்போன 1 எல்லாம் இதில் மாட்டிக்கொள்ளும். மாட்டாதது ஒன்று உண்டு: எழுதியவரின் 4 உண்மையிலேயே 9 மாதிரி இருந்தால் இருவருமே 9 என்றுதான் அடிப்பார்கள், எக்செலும் `TRUE` என்று கையெழுத்துப் போட்டுவிடும்.

அதற்குத்தான் இரண்டாவது வழி, எழுதியவரையே கேட்பது. இதில் முதல் விதி, நாம் படித்துக் காட்டி ‘சரியா?’ என்று கேட்கக் கூடாது. எதிரில் இருப்பவர் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார், ‘சரிங்க’ என்றுதான் சொல்வார். அவர் சொல்ல, நாம் கேட்க வேண்டும். அதுவும் நினைவிலிருந்து இல்லை, பாஸ்புக்கைப் பார்த்து.

நத்தத்து அக்காவை அழைத்தேன்.

“அக்கா, பாஸ்புக்க கையில வச்சுக்கிட்டு, கணக்கு நம்பர்ல கடைசி நாலு நம்பர மட்டும் சொல்லுங்க.”

“இருங்க தம்பி... நாலு ஒம்பது, ரெண்டு ஒண்ணு.”

கேட்டதும் 4921 என்று எழுதப் போனேன். கை பாதியில் நின்றது. ‘ரெண்டு ஒண்ணு’ என்றால் 2-ம் 1-ம் ஆகலாம், இரண்டு தடவை 1 என்றும் ஆகலாம். ‘நாலு ஒம்பது’ என்பதையே நான்கு தடவை 9 என்று எடுத்துக்கொள்ள முடியும். அப்படி என்றால் ஆறு இலக்கம் வந்துவிடும், நான் கேட்டது நான்கு, ஆகவே அது அடிபடுகிறது. ஆனால் 4921-ம் நான்கு இலக்கம், 4911-ம் நான்கு இலக்கம். எண்ணிக்கை இந்த இடத்தில் காப்பாற்றாது.

காப்பாற்றியது காகிதம். பத்தாவது இலக்கம் 1 அல்லது 7 என்றுதான் சந்தேகம், அந்த வடிவத்தை யாராலும் 2 என்று படிக்க முடியாது. காதுக்கு 1 அல்லது 2, கண்ணுக்கு 1 அல்லது 7. இரண்டுக்கும் பொதுவாக நிற்பது 1 மட்டும்தான். இருந்தாலும் கேட்டேன்.

“ஒவ்வொரு நம்பரா நிறுத்திச் சொல்லுங்கக்கா.”

“நாலு. ஒம்பது. ஒண்ணு. இன்னொரு ஒண்ணு.”

பென்சில் எழுத்தைப் பேனாவால் எழுதினேன்.

தமிழில் எண் சொல்லிக் கேட்பவர்கள் இந்த ‘மூணு ஆறு’, ‘ரெண்டு அஞ்சு’ வகையை எப்போதும் சந்தேகப்பட வேண்டும். ‘மூணு ஆறு’ 36-ம் ஆகும், 666-ம் ஆகும். இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்பவர்களிடம் இன்னொரு குழி இருக்கிறது: ‘ஒம்பது’, ‘எம்பது’. போனில் இரைச்சலோடு வந்தால் 9-க்கும் 80-க்கும் வித்தியாசம் முதல் எழுத்தின் அளவுதான். கேட்டு எழுதியதும் மொத்த இலக்கத்தை எண்ணிப் பாருங்கள், 80 வந்திருந்தால் ஒன்று கூடியிருக்கும். ‘டபுள்’, ‘ட்ரிபிள்’ என்று சொன்னால் நல்லதுதான், அவை தடுமாறாது.

கைபேசி எண்ணைச் சரிபார்க்க அந்த எண்ணுக்கே அழைப்பதைவிட நல்ல வழி இல்லை. அதிலும் ஒரு பழக்கம் வேண்டும். எடுத்தவுடன் ‘முத்துலட்சுமிதானே பேசுறது?’ என்று கேட்காதீர்கள். தூக்கத்தில் எடுத்தவர்கூட ‘ஆமா’ என்பார். ‘யாரு பேசுறீங்க, எந்த ஊரு?’ என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்து பெயர் வரட்டும். தப்பான ஆளாக இருந்தால், சரியான ஆளின் பெயரும் விவரமும் நம் வழியாக வெளியே போகாமலும் இருக்கும்.

யாருமே எடுக்கவில்லை, ஆனால் எண் சரியா என்று தெரிய வேண்டும் என்றால் ஒரு சின்ன வழி. விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்டிருந்தால், ஆதார் ஆணையத்தின் தளத்தில் அவருடைய ஆதார் எண்ணைச் சரிபார்க்கும்போது வயது வரம்பு, பாலினம், மாநிலத்தோடு, ஆதாரில் பதிந்த கைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கமும் வரும். சந்தேகம் அந்த மூன்றுக்குள் இருந்தால் தீர்ந்தது. ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் படிவத்து எண் தப்பு என்று முடிவுகட்டாதீர்கள், பலர் சிம் மாற்றியும் ஆதாரில் மாற்றியிருக்க மாட்டார்கள்.

கணக்கு எண்ணுக்குக் கடைசிக் காவல், பணம் போவதற்கு முன் வங்கி காட்டும் பெயர். 2025 ஏப்ரல் 1-க்குள் என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் கொடுத்தால் அந்தக் கணக்குக்காரரின் பெயர் திரையில் வரும். அதற்கு வழியில்லாத இடங்களில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பார்கள், அதிலும் பெயர் திரும்பி வரும். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். படிவத்தில் அப்பா பெயரின் இன்ஷியலும், வங்கியில் கணவர் பெயரின் இன்ஷியலும் இருப்பது நம் பக்கத்தில் அன்றாடம். இன்ஷியலை விட்டுவிட்டுப் பெயரைப் பாருங்கள். பெயரே வேறாக இருந்தால் நிறுத்திவிட்டு, கணக்கு எண்ணில் குறித்துவைத்த சந்தேக இலக்கத்துக்கு முதலில் போங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

திருத்தும்போது

எண் தப்பு என்று தெரிந்தபிறகு படிவத்திலேயே 9-இன் மேல் 4-ஐ அழுத்தி எழுதுகிறார்களே, அந்தப் பழக்கத்தை முதல் நாளே விடுங்கள். மேலே மேலே எழுதிய எண்ணை நாளைக்கு வருபவர் எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம், 8 என்றுகூட. பழைய எண் தெரியும்படி ஒரே கோடாக அடித்து, அதற்கு மேலே முழு எண்ணையும் புதிதாக எழுதுங்கள், மாறிய இலக்கத்தை மட்டும் எழுத வேண்டாம். பக்கத்தில் தேதி, உங்கள் சுருக்கொப்பம், எப்படித் தெரிந்தது என்று இரண்டு சொல்: ‘போனில், பாஸ்புக் பார்த்து’. விண்ணப்பதாரர் நேரில் இருந்தால் அவர் கையெழுத்தும்.

நான் தப்பாக ஏற்றிய அந்தப் படிவத்தில் இப்படி ஒரு குறிப்பும் இல்லை. மூன்று மாதம் கழித்து அதை எடுத்துப் பார்த்தபோது, கணக்கு எண்ணில் அந்த இலக்கம் எனக்கு அப்போதும் 9-ஆகத்தான் தெரிந்தது. பக்கத்தில் பின்கோடு இருந்தது. அதே கை, அதே நீல மை, அதே நீட்டலோடு இரண்டு 4.